நீர்த்தல் கணக்கு: C₁V₁ = C₂V₂ பற்றி முதலாண்டு மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சூத்திரம் மனப்பாடமாகத் தெரியும். ஆனால் இரண்டு பக்கமும் ஏன் சமமாக இருக்க வேண்டும் என்பது புரியவில்லை.

குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஒரு தேநீர்க் கடை முன்னால் இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். கடைக்காரர் கெட்டியான டிகாஷனை அரைக் குவளை எடுத்து, மீதியை வெந்நீரால் நிரப்புகிறார். நிறம் வெளிறுகிறது. ஆனால் டிகாஷனோடு குவளைக்குள் வந்த தேயிலைச் சாறு, வெந்நீர் விழுந்ததால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதே சாறு இப்போது இரண்டு மடங்கு இடத்தில் பரவியிருக்கிறது. அதனால் செறிவு பாதியாகிவிட்டது.

நம் சூத்திரம் சொல்வது இவ்வளவுதான். மோலார் செறிவு என்பது ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் கரைபொருள் இருக்கிறது என்பது. அதைக் கனஅளவால் பெருக்கினால் லிட்டர் அடிபட்டு மோல் மட்டும் மிஞ்சுகிறது:

(mol/L) × L = mol

ஆக, C₁V₁ என்பது பிப்பெட்டில் நீங்கள் எடுத்த மோல்களின் எண்ணிக்கை. C₂V₂ என்பது குடுவையில் கடைசியாக இருக்கும் மோல்களின் எண்ணிக்கை. எடுத்ததைத்தான் குடுவையில் விட்டீர்கள்; இடையில் ஊற்றியது வெறும் நீர். ஆகவே இரண்டும் ஒன்றே. V₁ என்பது பாட்டிலில் இருக்கும் ஸ்டாக் கரைசல் முழுவதின் கனஅளவு அன்று, அதிலிருந்து வெளியே எடுத்த பங்கு மட்டுமே என்பதை இங்கேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பலர் முதலில் தடுமாறும் இடம் அது.

ஒரு கணக்கை முதலிலிருந்து கடைசிவரை, ஆய்வகத்தில் செய்வது உட்பட, காட்ட முடியுமா?

மயில்துத்தத்தை எடுத்துக்கொள்வோம். நீல நிறம் இருப்பதால் நடப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஸ்டாக் பாட்டிலில் 0.5 மோலார் காப்பர் சல்பேட் கரைசல் இருக்கிறது. நமக்கு வேண்டியது 0.04 மோலார் கரைசல், 100 மி.லி.

சூத்திரத்தைத் தொடுவதற்கு முன், எது எது தெரியும் என்று அலகோடு எழுதுங்கள்.

C₁ = 0.5 mol/L
C₂ = 0.04 mol/L
V₂ = 100 mL
V₁ = ?

V₁ = (C₂ × V₂) / C₁ = (0.04 mol/L × 100 mL) / (0.5 mol/L) = 8 mL

மேலே ஒரு mol/L, கீழே ஒரு mol/L. இரண்டும் அடிபட்டு mL மட்டும் நிற்கிறது. நாம் தேடியது ஒரு கனஅளவு, கிடைத்ததும் கனஅளவு. இன்னொரு பார்வையும் பார்த்துவிடுங்கள். 0.5 என்பது 0.04-ஐப் போல 12.5 மடங்கு. 8 மி.லி.யை 12.5 மடங்கு பெருக்கினால் 100 மி.லி. கணக்கு சரி.

இனி மேசைக்குப் போவோம். ஸ்டாக் பாட்டிலைக் குலுக்குவதற்கு முன் அதன் அடியைப் பாருங்கள். 0.5 மோலாரைவிட மிகச் செறிவான, தெவிட்டும் நிலையை நெருங்கிய கரைசல் மலைக்குளிரில் இரவு முழுவதும் இருந்தால், சில நேரம் படிகங்கள் படிந்திருக்கும். அப்படியானால் மேலே நிற்கும் திரவத்தின் செறிவு, சீட்டில் எழுதியிருப்பதைவிடக் குறைவு. உங்கள் C₁ பொய்யாகிவிட்டது. வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை வைத்து, படிகம் முழுவதும் கரையும்வரை குலுக்கி, ஆறவிட்ட பிறகே எடுக்க வேண்டும்.

8 மி.லி.க்கு 10 மி.லி. அளவுக்கோடுகள் போட்ட பிப்பெட் போதும். பியூரெட் இருந்தால் இன்னும் நல்லது. பிப்பெட்டை முதலில் ஸ்டாக் கரைசலாலேயே கொஞ்சமாக அலசுங்கள். உள்ளே நீர்த்துளி தங்கியிருந்தால் நீங்கள் எடுக்கும் கரைசல் பிப்பெட்டுக்குள்ளேயே நீர்த்துவிடும். 100 மி.லி. அளவுக் குடுவையை மட்டும் வாலைவடிநீரால் அலசினால் போதும். அதற்குள் ஈரம் இருப்பதால் எந்தக் கெடுதலும் இல்லை, எப்படியும் நீர்தானே ஊற்றப்போகிறோம். இந்த இரண்டு அலசல்களையும் மாற்றிச் செய்பவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. குடுவையை ஸ்டாக் கரைசலால் அலசினால், கணக்கில் வராத மோல்கள் உள்ளே தங்கிவிடும்.

8 மி.லி.யைக் குடுவையில் விட்டு, முக்கால் பாகம் நீர் ஊற்றிச் சுழற்றுங்கள். பிறகு கழுத்துக் கோடுவரை நிரப்புங்கள். கடைசி ஒரு மி.லி.யைத் துளித்துளியாக விட வேண்டும். பிறைத்தளத்தின் அடிவிளிம்பு கோட்டைத் தொடும்போது நிறுத்தி, மூடி போட்டு, குடுவையைத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துவதைப் பத்துப் பதினைந்து முறை செய்யுங்கள். முதல் இரண்டு கவிழ்ப்பில் நீலம் கீழே திட்டாக நிற்பதும், பிறகு மெல்ல எங்கும் ஒரே நிறமாவதும் மயில்துத்தத்தில் தெளிவாகத் தெரியும். நிறமில்லாத அமிலத்திலும் இதேதான் நடக்கிறது. கண்ணுக்குத் தெரியாது என்பது மட்டுமே வேறுபாடு.

மி.லி.யை லிட்டராக மாற்றித்தான் ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் ஒரே அலகாக இருந்தால் போதும். மேலே V₂-வை மி.லி.யில் போட்டோம், V₁ மி.லி.யில் வந்தது. இடைப்பட்ட பெருக்கல் தொகைக்கும் பொருள் உண்டு: ஒரு லிட்டரில் 0.5 மோல் என்றால் ஒரு மி.லி.யில் 0.5 மில்லிமோல். எனவே 0.5 × 8 = 4 மில்லிமோல். மறுபுறம் 0.04 × 100 = 4 மில்லிமோல். இரண்டு பக்கமும் நான்கு.

சிக்கல் வருவது அலகை எழுதாமல் எண்ணை மட்டும் போடும்போது. இதே கணக்கை ஒரு மாணவி 100 மி.லி.யை 0.1 லிட்டராக மாற்றிச் செய்தார். 0.04 × 0.1 / 0.5 = 0.008 என்று சரியாகவே வந்தது. ஆனால் விடைக்குப் பக்கத்தில் மி.லி. என்று எழுதிவிட்டார். 0.008 லிட்டர் என்பது 8 மி.லி.; 0.008 மி.லி. என்பது ஒரு துளியில் சிறு பங்கு. கூட்டல், பெருக்கல் எதிலும் பிழை இல்லை. அலகை வரிக்கு வரி எழுதிக்கொண்டு வந்திருந்தால், லிட்டர் தானாகவே கடைசி வரியில் வந்து நின்றிருக்கும்.

செறிவில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். C₁ 0.5 மோலார், C₂ 20 மில்லிமோலார் என்று கொடுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். எண்களை அப்படியே போட்டால்:

V₁ = (20 × 100) / 0.5 = 4000

நூறு மி.லி. தயாரிக்க நாலாயிரம் மி.லி. எடுப்பதா? அலகோடு எழுதினால் எங்கே தவறு என்று உடனே தெரிகிறது:

(20 mmol/L × 100 mL) / (0.5 mol/L)

மேலே mmol, கீழே mol, அவை அடிபடாது. 20 மில்லிமோலாரை 0.02 மோலாராக மாற்றினால் V₁ = 4 mL. நீர்த்தலில் V₁ எப்போதும் V₂-வைவிடச் சிறியதாகத்தான் இருக்க வேண்டும். விடை பெரிதாக வந்தால் ஒன்று அலகு கலந்துவிட்டது, அல்லது C₁-ஐயும் C₂-வையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டீர்கள்.

ஆனால் அலகுச் சோதனை எல்லாவற்றையும் பிடித்துவிடாது. C₁, C₂ இரண்டும் mol/L என்பதால் அவற்றை இடம் மாற்றினாலும் அலகு சரியாகவே வரும். அதைப் பிடிப்பது V₁ சிறியதா என்ற இரண்டாவது பார்வைதான். அதனால் இரண்டையும் செய்யச் சொல்கிறேன்.

8 மி.லி. ஸ்டாக் எடுத்து 100 மி.லி. நீர் ஊற்றினேன். அதுவும் 100 மி.லி. நீர்த்தல்தானே?

இல்லை. இந்தத் தாளில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். V₂ என்பது நீங்கள் சேர்த்த நீரின் அளவு அன்று. எல்லாம் சேர்ந்த பிறகு குடுவையில் நிற்கும் கரைசலின் மொத்தக் கனஅளவு. நீங்கள் செய்தது ஏறக்குறைய 108 மி.லி. கரைசல். அதன் செறிவு:

C₂ = (0.5 mol/L × 8 mL) / 108 mL = 0.037 mol/L

வேண்டியது 0.04. ஏழு விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிட்டது.

அப்படியானால் 92 மி.லி. நீரை அளந்து ஊற்றலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். நீர்த்த கரைசல்களில் அது கிட்டத்தட்டச் சரியாக வரும். ஆனாலும் அந்தப் பழக்கம் வேண்டாம். கனஅளவுகள் எப்போதும் கூட்டுத்தொகையாக நிற்பதில்லை. 50 மி.லி. எத்தனாலையும் 50 மி.லி. நீரையும் கலந்தால் 100 மி.லி. வராது, மூன்று, நான்கு மி.லி. குறையும். கோடுவரை நிரப்பும்போது இந்தக் கவலையே இல்லை. எவ்வளவு நீர் உள்ளே போனது என்று நமக்குத் தெரிய வேண்டியதே இல்லை. கடைசிக் கனஅளவு 100 என்பது மட்டும் உறுதி. அளவுக் குடுவையின் கழுத்தில் ஒரே ஒரு கோடு இருப்பதற்குக் காரணம் அதுதான்.

“பத்து மடங்கு நீர்த்துக” என்றால் ஒன்றுக்குப் பத்தா, ஒன்றுக்கு ஒன்பதா?

ஒரு பங்கு கரைசலோடு ஒன்பது பங்கு நீர். மொத்தம் பத்து பங்கு. 10 மி.லி. எடுத்து 100 மி.லி. கோடுவரை நிரப்புங்கள். 1:10 என்று மட்டும் எழுதியிருந்தால், எழுதியவர் எந்தப் பொருளில் எழுதினார் என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இரு வழக்கமும் புழக்கத்தில் இருக்கிறது.

V₁ 0.2 மி.லி. என்று வருகிறது. இதை எப்படி எடுப்பது?

0.5 மோலாரிலிருந்து 0.001 மோலார் கரைசல், 100 மி.லி. தயாரிக்கும்போது அப்படித்தான் வரும். கணக்கு சரி, கருவிதான் போதாது. ஒரு மி.லி. பிப்பெட்டில் 0.01 மி.லி. கூடக் குறைய எடுப்பது எவருக்கும் நேரும். 0.2-இல் 0.01 என்பது ஐந்து விழுக்காடு.

இரண்டு படியாக இறங்குங்கள். முதலில் 10 மி.லி. எடுத்து 100 மி.லி. ஆக்கினால் 0.05 மோலார். அதிலிருந்து 2 மி.லி. எடுத்து இன்னொரு குடுவையில் 100 மி.லி. ஆக்கினால்:

C₂ = (0.05 mol/L × 2 mL) / 100 mL = 0.001 mol/L

அதே 0.01 மி.லி. பிழை இப்போது இரண்டாம் படியில் அரை விழுக்காடுதான். இரண்டாம் படிக்கான C₁ 0.05 என்பதைக் கவனியுங்கள். பழக்கத்தில் மறுபடியும் 0.5 போட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு குடுவையிலும் உடனுக்குடன் செறிவை எழுதி ஒட்டினால் இது நேராது.

அமில பாட்டிலில் 37% என்று மட்டும் இருக்கிறது. C₁ இடத்தில் 37 போடலாமா?

போடக்கூடாது. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அந்த 37 என்பது எடைக்கு எடை: நூறு கிராம் கரைசலில் 37 கிராம் ஹைட்ரஜன் குளோரைடு. நாம் பெருக்கப்போவதோ கனஅளவால். கிராமுக்குக் கிராம் என்ற அளவை லிட்டரால் பெருக்கினால் மோலும் வராது, கிராமும் வராது. அலகுச் சோதனை இங்கே கதவை அடைத்துவிடுகிறது. திறக்க அடர்த்தி வேண்டும். அதுவும் சீட்டிலேயே இருக்கும், சுமார் 1.18 கிராம்/மி.லி.

ஒரு லிட்டர் அமிலத்தின் நிறை 1180 கிராம். அதில் 37 விழுக்காடு, 437 கிராம். மோலார் நிறை 36.46 கிராம்/மோல். வகுத்தால் 12 மோல். ஆக C₁ சுமார் 12 மோலார். இதிலிருந்து 0.5 மோலார் கரைசல் 500 மி.லி. வேண்டுமானால்:

V₁ = (0.5 mol/L × 500 mL) / (12 mol/L) = 20.8 mL

கையுறை, கண்ணாடி அணிந்து, புகைபோக்கி அறையில் வைத்து, குடுவையில் முதலில் பாதிக்கு மேல் நீர் ஊற்றிய பிறகே அமிலத்தை மெல்ல விட வேண்டும். அமிலத்தின் மேல் நீரை ஊற்றவே கூடாது; வெப்பத்தில் தெறிக்கும். பாட்டில் திறக்கும்போதெல்லாம் புகையாகக் கொஞ்சம் போய்விடுவதால் 12 என்பது தோராயமே. இப்படிச் செய்த கரைசலின் சீட்டில் “சுமார் 0.5 மோலார்” என்று எழுதி, சோடியம் கார்பனேட்டோடு தரம் பார்த்த பிறகுதான் சரியான செறிவை எழுத வேண்டும்.

நூறு மி.லி.யில் இத்தனை கிராம் என்று கொடுக்கப்பட்ட விழுக்காடு வேறு. அதை இரண்டு பக்கமும் அப்படியே போடலாம். அங்கே மோலுக்குப் பதில் கிராம் நிலையாக நிற்கிறது.

ஊட்டி உயரத்தில் இருக்கிறது, குளிரும் அதிகம். சூத்திரத்தில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

உயரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஏறக்குறைய 2240 மீட்டரில் காற்றழுத்தம் குறைவு. நீர் சமவெளியைவிட முன்னதாகவே கொதிக்கும். ஆனால் அந்த அழுத்த வேறுபாடு திரவத்தின் கனஅளவை நாம் அளக்கும் அளவுக்கு மாற்றாது.

குளிர் வேறு விஷயம். உங்கள் குடுவையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். 20°C அல்லது 27°C என்று பொறித்திருக்கும். அந்த வெப்பநிலையில்தான் கோடு சரியான கனஅளவைக் காட்டும். டிசம்பர் காலையில் ஆய்வகம் 12 டிகிரியில் இருக்கலாம். கண்ணாடி சுருங்குவது மிகச் சொற்பம்; பிப்பெட்டும் குடுவையும் ஒரே விகிதத்தில் சுருங்குவதால் V₁/V₂ மாறாது. நீர், 27 டிகிரியிலிருந்து 12-க்கு வரும்போது 0.3 விழுக்காடு சுருங்குகிறது. சமவெளியில் 27 டிகிரியில் தயாரித்து மேலே கொண்டுவந்த 0.5 மோலார் கரைசல் இங்கே 0.5015 ஆகிறது. முதலாண்டுச் சோதனையில் இது பியூரெட் வாசிப்புப் பிழைக்குள் மறைந்துவிடும்.

மறையாத ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்காலக் காலை, ஒரே மேசையின் நான்கு மாணவர்களுக்கும் தரம் பார்த்த அளவு சற்றுக் கூடுதலாகவே வந்துகொண்டிருந்தது. கணக்கைப் பார்த்தோம், பிப்பெட்டைப் பார்த்தோம், பிழை இல்லை. பிறகுதான் தெரிந்தது, விரல் விறைத்துப்போன பிள்ளைகள் வடிகருவியிலிருந்து அப்போதுதான் இறங்கிய வெதுவெதுப்பான நீரையே குடுவையில் நிரப்பியிருக்கிறார்கள். 40 டிகிரி நீர் 15 டிகிரிக்கு ஆறும்போது 0.7 விழுக்காடு சுருங்கும். 100 மி.லி. குடுவையில் அது 0.7 மி.லி.; மட்டம் கோட்டுக்குக் கீழே கண்ணுக்குத் தெரியும்படி இறங்கிவிடும். கரைசல் அதே அளவுக்குக் கூடுதல் செறிவோடு நிற்கும். நீர் அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே கோட்டைத் தொட வேண்டும். அமிலத்தை நீர்க்கும்போது எழும் வெப்பத்துக்கும் இதே விதி.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று: சரியாக நிரப்பி, கவிழ்த்துக் குலுக்கிய பிறகும் மட்டம் கோட்டுக்குச் சற்றுக் கீழே தெரியும். அது மூடியிலும் கழுத்திலும் ஒட்டிய கரைசல். மோல்கள் எங்கும் போகவில்லை. அப்போது மீண்டும் நீர் ஊற்றினால் கெடுத்துவிடுவீர்கள்.

இதே சூத்திரத்தைப் பி.எச். மதிப்புக்கும் தரம் பார்த்தலுக்கும் போடலாமா?

பி.எச். ஒரு செறிவு அன்று, செறிவின் மடக்கை. 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். ஏறக்குறைய 1. பத்து மடங்கு நீர்த்தால் அது 0.1 ஆகாது, 2 ஆகும். முதலில் செறிவைக் கண்டு, பிறகு பி.எச். காணுங்கள். அசிட்டிக் அமிலம் போன்ற வலிமை குறைந்த அமிலத்தில் மொத்த அமிலச் செறிவு சூத்திரப்படி நடக்கும். ஆனால் நீர்க்க நீர்க்கப் பிரிகை கூடுவதால் பி.எச். ஒரு முழு அலகு ஏறாது.

தரம் பார்த்தலில் ஒரு பொருள் இன்னொன்றோடு வினைபுரிகிறது. அங்கே சமன்பாட்டின் மோல் விகிதம் 1:1 ஆக இருந்தால் மட்டுமே தோற்றம் ஒன்றாக இருக்கும். கந்தக அமிலத்துக்கும் சோடியம் ஹைட்ராக்சைடுக்கும் விகிதம் 1:2. அங்கே இதை அப்படியே போட்டால் விடை இரு மடங்கு தவறும்.

நான் செய்த 0.04 மோலார் கரைசல் சரிதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அதிலிருந்து 20 மி.லி. எடுத்து, தேவைக்கு மிஞ்சிய பொட்டாசியம் அயோடைடு சேருங்கள். வெளிப்படும் அயோடினை 0.04 மோலார் சோடியம் தயோசல்பேட்டால் தரம் பாருங்கள். மஞ்சள் வெளிறும்போது ஸ்டார்ச் சேர்க்க வேண்டும். ஒரு மோல் காப்பருக்கு ஒரு மோல் தயோசல்பேட் செலவாகும் என்பதால், கரைசல் சரியாக இருந்தால் 20 மி.லி. ஆகும்.

18.5 மி.லி. வந்தால் 0.037 மோலார், 100 மி.லி. நீரை ஊற்றிவிட்டீர்கள். 19.8 வந்தால் கோட்டைத் தாண்டி ஒரு மி.லி. நிரப்பியிருக்கலாம். 20.1, 20.2 என்று சற்றே கூடினால் நீர் வெதுவெதுப்பாக இருந்ததா என்று யோசியுங்கள். முதல் முறை 21, அடுத்த முறை 19 என்று ஒன்றுக்கொன்று ஒட்டாமல் வந்தால் நீர்த்தல் கணக்கைத் தேட வேண்டாம். குடுவையை மூடி, இன்னும் பத்து முறை கவிழ்த்து நிமிர்த்திவிட்டு மறுபடி எடுங்கள்.